பறித்த நேரம்

ஊட்டியிலிருந்து கூடலூர், தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகும் சாலையில் முதுமலை முடிந்து பந்திப்பூர் தொடங்கும். இந்தக் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குத் தடுப்பு இறங்கி விடியற்காலை ஆறு மணிக்குத்தான் ஏறுகிறது. குண்டலுப்பேட்டையிலிருந்து வயநாட்டுக்குப் பிரியும் சாலைக்கும் அதே தடைதான். வனவிலங்குகளுக்காக வந்த தடை, வேண்டிய தடையும்கூட. ஆனால் எட்டரைக்கு வர வேண்டிய காய்கறி லாரி ஒன்பதரைக்கு வந்தால் அது மறுநாள் காலைவரை அங்கேயே நிற்க வேண்டும். அந்த லாரியிலுள்ள பீன்ஸும் கொத்தமல்லியும் எட்டு மணி நேரத்துக்கு மேல் சாக்குக்குள் கிடந்து மூச்சுவிடுகின்றன. மறுநாள் ஊர்க் கடையில் அவற்றை வாங்குகிறவருக்கு இது தெரியாது. விலைப்பலகையிலும் இருக்காது, கைபேசித் திரையிலும் இருக்காது. மைசூரில் காய்கறி வாங்க சந்தை நல்லதா, மார்க்கெட் நல்லதா, செயலி நல்லதா என்று பேசுகிறவர்கள் கடையிலிருந்து வீடுவரை ஆகும் நேரத்தைத்தான் கணக்கிடுகிறார்கள். எண்ண வேண்டியது செடியிலிருந்து வீடுவரை ஆகும் நேரத்தை. அந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் மூன்று இடங்களுமே வேறு முகம் காட்டும்.

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து மூச்சுவிடுகிறது, நீரை இழக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகிறது. அதனால் காலத்தை மட்டும் எண்ணினால் போதாது. அந்தக் காலம் நிழலில் போனதா, தார்ப்பாய்க்கு அடியில் வெந்துபோனதா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எல்லாக் காயும் ஒரே வேகத்தில் கெடுவதும் இல்லை. கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை போன்றவை தம் எடையில் இருபதில் ஒரு பங்கு நீரை இழந்தாலே தலை தொங்கிவிடும். வெண்டை, பீன்ஸ், பச்சை மொச்சை இரண்டாம் வரிசை. அவை வாடுவதற்கு முன்பே நார் ஏறும், இனிப்புக் குறையும். வெங்காயம், உருளை, பூசணி, சேனை ஆகியவற்றுக்கு ஒருநாள் இரண்டு நாள் ஒரு பொருட்டே அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ‘காய்கறி’ என்று ஒரே சொல்லில் பேசும்போதுதான் எந்த இடம் சிறந்தது என்ற வீண்வாதம் பிறக்கிறது.

காட்டைத் தாண்டிக் குண்டலுப்பேட்டைக்குள் இறங்கினால் கருமண்ணும் செம்மண்ணும் மாறிமாறி வரும் காய்கறி நிலம். தெரகணாம்பி போன்ற ஊர்களின் சரக்கு வடக்கே மைசூருக்கும், மேற்கே கேரளத்துக்கும், தெற்கே தமிழ்நாட்டுக்கும் போகிறது. இந்த வட்டாரத்திலும் நஞ்சன்கூடு, தி. நரசீபுரம் பக்கத்திலும் வாரத்துக்கொரு நாள் கூடும் ஊர்ச்சந்தைகள் உண்டு. கன்னடத்தில் ‘சந்தெ’, நம் சொல்லேதான். அங்கே தராசு பாதி, கண்ணளவு பாதி. நாம் கூறு கட்டி விற்பது என்பதை அவர்கள் ‘குட்டெ’ போட்டு விற்பது என்கிறார்கள். சாக்குமேல் குவித்த தக்காளிக் கூறு ஒன்று இத்தனை ரூபாய், அவ்வளவுதான். சந்தையில் வாங்கினால் எல்லாம் புதிது என்று நம்புகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் விளைவித்தவர் அல்லர். ஒரு சாக்கின்மேல் முள்ளங்கியும் கீரையும் கொஞ்சம் கத்தரியும் மட்டும் இருந்து, காய்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, வேரில் மண் ஈரமாக ஒட்டியிருந்தால் அவர் பெரும்பாலும் தன் தோட்டத்திலிருந்து வந்தவர். பக்கத்துக் கடையில் கேரட், காலிஃபிளவர், உருளை, குடைமிளகாய் என்று பன்னிரண்டு வகை ஒரே அளவில் அடுக்கியிருந்தால் அது மொத்த மண்டியில் வாங்கி வந்த சரக்கு. சிறு விவசாயிகள் பொதுவாக ஒரே வாரத்தில் பன்னிரண்டு வகை விளைவிப்பதில்லை. முதல் சாக்கின் கீரை அன்று விடியலில் அரிந்ததாக இருக்கலாம். இரண்டாவது கடையின் கேரட் நீலகிரியில் பிடுங்கி, மேட்டுப்பாளையம் போன்ற மண்டியில் ஏலம் போய், மறுபடி மலையோரம் ஏறி வந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்தான்.

சந்தையின் விலையும் ஒரே விலை அல்ல. காலையில் வருகிறவருக்குக் காய் புதிது, விலை ஏற்றம். பொழுது சாயும்போது கடைசிப் பேருந்துக்குள் சாக்கைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் கூறு பெருக்கும், விலை இறங்கும். ஆனால் அதற்குள் கீரை ஆறேழு மணி நேரம் வெயில் கண்டிருக்கும். மாலையில் மலிவு என்று கீரை வாங்குவது தவறு. மாலையில் மலிவு என்று பூசணி வாங்குவது கெட்டிக்காரத்தனம். இந்த ஒரு வரியைக் கடைப்பிடித்தாலே சந்தைக்குப் போய்வரும் செலவில் பாதி திரும்பிவிடும் என்பது என் கணிப்பு.

கபினி ஆற்றைத் தாண்டி நஞ்சன்கூட்டுச் சாலையில் மைசூரின் தெற்கு விளிம்பைத் தொட்டால் பண்டிபாளையா விற்பனைக்கூடம். விடியலுக்கு முன்பே அங்கே வியாபாரம் தொடங்கிவிடும். நகருக்குள் மகாத்மா காந்தி சாலையிலும் காய்கறிக்கென்று பெரிய சந்தை உண்டு. இவற்றிலிருந்து தள்ளுவண்டிகளும் தெருமுனைக் கடைகளும் சரக்கெடுத்துப் போகின்றன. சயாஜி ராவ் சாலையில் சிறிய மணிக்கூண்டருகே நூறாண்டு தாண்டி நிற்கும் தேவராஜ மார்க்கெட்டின் காய்கறி வரிசைக்கும் பெரும்பாலும் இதுவே வழி. தேவராஜ மார்க்கெட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள். பூ, வாழை, குங்குமம், வெற்றிலை என்று வரிசை வரிசையாகப் பிரிந்து கிடக்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. 2016 ஆகஸ்டில் அதன் வடக்கு வாயில் பக்கம் இடிந்து விழுந்தபின், முழுவதும் இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்று நீதிமன்றம்வரை போன வழக்கும் உண்டு. காக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் கட்டடத்தின் பழமை காயின் புதுமைக்குச் சான்று ஆகாது. தோட்டத்திலிருந்து மண்டி, மண்டியிலிருந்து சில்லறைக் கடை என்று இரண்டு கை மாறித்தான் அங்கே காய் வந்து சேர்கிறது. அந்த மார்க்கெட்டின் உண்மையான பலம் வேறு: பல கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே காயை நான்கு இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். ஈரனகெரெ கத்தரி போன்ற மைசூரின் சொந்த வகைகளைக் கேட்டு வாங்கலாம். நாட்டுத் தக்காளியா, தோல் தடித்த கலப்பினமா என்று பார்த்துப் பொறுக்கலாம். செயலியின் படத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொட்டுப் பார்ப்பது என்றால் என்ன பார்ப்பது? கீரைக்கட்டில் இலையைப் பார்க்கக் கூடாது, தண்டின் வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். இலைமேல் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடலாம். வெட்டுவாய் பழுப்பேறி உலர்ந்திருந்தால் அதை மறைக்க முடியாது. கட்டின் நடுவே விரலை விட்டால் சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. கத்தரிக்கு மேனி மினுமினுப்பைவிடக் காம்பின் பச்சைதான் நம்பத்தக்கது. வெண்டை நுனி ஒடிய வேண்டும்; ஆனால் ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டுவிட்டுப் போவது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம், ஒன்று போதும். குளிர்காலத்தில் மைசூர் வட்டாரமே கொண்டாடும் பச்சை மொச்சைக்கு, அவர்கள் சொல்லும் அவரெக்காய்க்கு, முகர்ந்து பார்ப்பதுதான் சோதனை. தோல்மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு எழும் அந்த மணத்துக்குக் கன்னடத்தில் ‘சொகடு’ என்று தனிப்பெயரே உண்டு. மணம் போன மொச்சை பழைய மொச்சை. இந்தச் சோதனைக்கு மூக்கு அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

இனிச் செயலி. பத்து நிமிடத்தில் காய்கறி என்று வாக்களிக்கும் நிறுவனங்கள் நகரின் குடியிருப்புப் பகுதிகளில் பொதுமக்கள் உள்ளே போக முடியாத சிறு கிடங்குகளை வைத்திருக்கின்றன. குவெம்புநகரிலோ விஜயநகரிலோ ஒருவர் பொத்தானை அழுத்தியதும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து வண்டி கிளம்புகிறது. அந்தப் பத்து நிமிடம் உண்மைதான். ஆனால் அது காயின் பயணத்தில் கடைசிப் பத்து நிமிடம். அதற்கு முன் கொள்முதல் நிலையமோ மண்டியோ, பிறகு தரம் பிரிக்கும் பெரிய கிடங்கு, பிறகு இரவு வண்டி, பிறகு இந்தச் சிறு கிடங்கு என்று காய் ஒருநாளோ அதற்கு மேலோ கழித்திருக்கும். சிறு கிடங்கில் எத்தனை நாள் இருந்தது என்பது விற்பனையைப் பொறுத்தது. பொட்டலத்தின்மேல் தேதி இருந்தால் அது கட்டிய தேதி. பறித்த தேதி அல்ல. இதைச் சொன்னால், குளிரூட்டிய வழியில் வருவதால் ஒருநாள் கூடினாலும் கேடில்லை, வெயிலில் கிடக்கும் சந்தைக் கீரையைவிட அதுவே மேல் என்று வாதிடுவார்கள். கீரையைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் நியாயம் உண்டு. பறித்த சில மணி நேரத்துக்குள் குளிரில் வைத்த கீரை, நடுப்பகல் வெயிலில் கிடந்த கீரையை எளிதில் வெல்லும். ஆனால் குளிர் எல்லாக் காய்க்கும் நண்பன் அல்ல. கத்தரி, வெண்டை, வெள்ளரி, காய்வெட்டுத் தக்காளி ஆகியவை பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் உள்ளுக்குள் நோகும். கத்தரியின் விதை பழுப்பேறும், தோலில் பள்ளம் விழும். வெண்டையில் கருந்திட்டு வரும். தக்காளி பழுத்தாலும் சுவை வராது. இந்தச் சேதம் குளிரில் இருக்கும்வரை வெளியே தெரியாது, வீட்டுக்கு வந்து ஒருநாள் ஆனதும் தெரியும். செயலியில் வந்த கத்தரியை அறுத்தபோது விதை கறுத்திருந்தால் அது புழுவோ பழசோ ஆக வேண்டியதில்லை. தவறான குளிரில் இருந்திருக்கலாம்.

விலைக்கு வருவோம். ஒரு கிலோ என்ன விலை என்று ஒப்பிடுவதில் பெரிய பிழை உண்டு. சமையலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சந்தையில் அரைக் கிலோ கீரைக்கட்டு 20 ரூபாய். வேரும் முற்றிய தண்டும் 200 கிராம் போக 300 கிராம் தேறும். செயலியில் வேர் நறுக்கிய 250 கிராம் பொட்டலம் 22 ரூபாய். மஞ்சளித்த இலை 50 கிராம் போக 200 கிராம். நூறு கிராமுக்கு முன்னது ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, பின்னது 11 ரூபாய். கட்டுக்குக் கட்டு இரண்டு ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது, இலைக்கு இலை நான்கு ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சந்தைக்குப் போகும் செலவையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். போய்வர 60 ரூபாய் ஆகிறது, சராசரியாகக் கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சமாகிறது என்றால் ஏழரைக் கிலோவுக்குமேல் வாங்கினால்தான் போன செலவு கழியும். நால்வர் குடும்பம் ஒரு வாரத்துக்கு அவ்வளவு வாங்கலாம். தனியாள் வாங்க மாட்டார். அதேபோல் செயலியில் காய்க்கு ஜிஎஸ்டி இல்லை என்றாலும் கொண்டுவரும் கட்டணமும் அதன்மேல் வரியும் உண்டு. ஒருமுறைக்கு 30 ரூபாய் என்றால் வாரத்தில் இரண்டு முறை மறந்துபோன கொத்தமல்லிக்கும் பச்சைமிளகாய்க்கும் பொத்தானை அழுத்தினாலே சந்தைப் பயணத்தின் 60 ரூபாய் ஆகிவிட்டது. கட்டணம் தவிர்க்கக் கூடுதலாக ஏதாவது சேர்த்து வாங்கச் சொல்லும் தூண்டுதலை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மலிவு யாருக்கு என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்று, நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளிக்குச் சுமார் 33 காசு, வெங்காயத்துக்கு 36 காசு, உருளைக்கு 37 காசு என்று கணக்கிட்டது. மீதி ஏற்றுக்கூலி, கழிவு, தரகு, கடை வாடகை எனப் போகிறது. கைமாறும் இடம் குறைந்தால் அந்தக் காசு கூடும். அதனால்தான் 1999-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது நம்மூரில் அவ்வளவு வரவேற்பு. கர்நாடகத்தில் 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகப் பெங்களூரில் பிறந்த ஹாப்காம்ஸ் அமைப்பும் அதே எண்ணத்தில் வந்ததுதான். மைசூரிலும் அந்தப் பெயர்ப்பலகையுள்ள சிறு கடைகள் உண்டு. நிர்ணயித்த விலை, ஏமாற்றில்லாத எடை என்று பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது ஏற்ற இடம். வகைகள் குறைவு, மாலையில் சரக்கு இருக்காது என்பது அதன் குறை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மறுப்பு மிச்சமிருக்கும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காலை எட்டுக்கு வேலைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பும் பெண்ணிடம் வெட்டுவாயைப் பார், மொச்சையை முகர் என்று சொல்வது எளிது. அதற்கு வேண்டிய ஒன்றரை மணி நேரத்தை யார் தருவது? சயாஜி ராவ் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கும், முழங்கால் வலியோடு தனியே வாழும் முதியவர்களுக்கும் செயலி ஆடம்பரம் அல்ல, உதவி. இந்த நியாயத்தை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது எல்லாக் காயையும் அங்கே வாங்குவதற்கான நியாயம் ஆகாது. வெங்காயம், உருளை, கேரட், முட்டைக்கோஸ், பூசணி ஆகிய கனத்த சரக்கைச் செயலியில் பதினைந்து நாளுக்கொருமுறை வரவழைத்தால் சுமை குறையும், புதுமையில் இழப்பும் இல்லை. நேரமும் கையும் மிச்சமானபின், பீன்ஸ், வெண்டை, கத்தரி, தக்காளி மட்டும் வாரமொருமுறை மார்க்கெட்டிலோ தெருமுனைக் கடையிலோ கண்ணால் பார்த்து வாங்கலாம். அதற்கு அரைமணி போதும். கீரைக்கு வழி இன்னும் எளிது. மைசூரின் பல தெருக்களில் காலையில் ‘சொப்பு’ என்று கூவிக்கொண்டு வரும் கீரைக்காரரிடம் அன்றைய கட்டை அன்றே வாங்கலாம். பத்து நிமிடச் செயலியைவிடச் சீக்கிரம் வாசலுக்கு வருவது அவர்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: புதிதாக இருப்பது தூய்மைக்குச் சான்று அல்ல. எந்த நீரில் விளைந்தது, எப்போது மருந்தடித்தார்கள் என்பதைக் கண்ணோ மூக்கோ சொல்லாது. மூன்று இடத்துக் கீரையையும் ஓடும் நீரில் இலை இலையாக அலசத்தான் வேண்டும்.

சந்தைக்காரரிடம் ‘எப்போது பறித்தது?’ என்று கேட்டால் உண்மையோ பொய்யோ ஒரு பதில் கிடைக்கும்; அவர் முகத்தைப் பார்த்து நம்பலாம், நம்பாமல் விடலாம். செயலியில் கேட்கவே இடமில்லை. ஆர்டர் கிளம்பியது முதல் வீட்டு வாசல் வரை ஒவ்வொரு நிமிடத்தையும் வரைபடத்தில் காட்டும் நிறுவனங்களுக்கு, கொள்முதல் நிலையத்துக்குக் காய் வந்த தேதியும் நேரமும் தெரியாமல் இருக்காது. கீரைக்கும் வெண்டைக்கும் பச்சை மொச்சைக்குமாவது பறித்த தேதியைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டால், வாங்குகிறவர் விலையையும் புதுமையையும் உண்மையாகவே ஒப்பிட முடியும். அடுத்த முறை காய்கறி வந்ததும் மதிப்பெண் கொடுக்கச் சொல்லிக் கேட்கும் பெட்டியில் அந்த ஒரு கோரிக்கையை எழுதுங்கள்: பறித்த தேதியைப் போடுங்கள்.